எட்டு ஆட்டுக்கு இந்தப் பக்கம்: வறுமைப் பொறி எப்படி வேலை செய்கிறது

“எனக்குக் கடலூர் மாவட்டத்தில் வேப்பூர் பக்கம் ஒரு கிராமம். எங்கள் தெருவில் வருடக்கணக்காகக் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. குடிப்பழக்கம் இல்லை, சோம்பலும் இல்லை. ஆனாலும் என் சிறுவயதில் இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்தால் மேலே வந்துவிடலாம் என்று என் அப்பா சொல்கிறார். வெளியிலிருந்து உதவி வராமல் சிலரால் மேலே வரவே முடியாது என்று பொருளாதாரப் பாடத்தில் படித்தேன். எது உண்மை? உதவி செய்தால் உழைப்பு குறைந்துவிடாதா?”

உங்கள் அப்பா சொல்வது சில தொழில்களுக்கு முழுக்கச் சரி. தட்டுக்கூடையில் பூ விற்பவர் இன்று பத்து முழம், நாளை பதினைந்து முழம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். அங்கே சிறிய முதலுக்குச் சிறிய லாபம், பெரிய முதலுக்குப் பெரிய லாபம். நடுவில் பள்ளம் கிடையாது. சிறிய முதலுக்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காமல், ஓர் அளவைத் தாண்டிய பிறகுதான் பலன் தரும் தொழில்களில் சிக்கல் வருகிறது. அந்த அளவுக்குக் கீழே இருப்பவர் எவ்வளவு உழைத்தாலும் கீழேயே தங்கிவிடுவார். மேலே இருப்பவர் அதே உழைப்பில் மேலும் ஏறுவார். வளர்ச்சிப் பொருளாதாரத்தில் வறுமைப் பொறி என்று சொல்வது இதைத்தான். எல்லா வறுமையும் பொறி அல்ல. மெதுவாக மேலே வருவது வேறு, வரவே முடியாமல் நிற்பது வேறு.

நீங்கள் வேப்பூர் பக்கம் என்பதால் ஆட்டைக்கொண்டே கணக்குப் போடுகிறேன். உங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது சொல்லாமலே புரியும். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள், அமைப்பு மாறாது.

கணவனும் மனைவியும் கூலிக்குப் போகும் ஒரு குடும்பம். மனைவிக்குக் களை வெட்டு, பருத்தி எடுப்பு, மக்காச்சோளம் உடைப்பு என்று மாதத்தில் சராசரியாக 14 நாள் வேலை, நாளுக்கு 300 ரூபாய். ஆண்டுக்கு 50,400 ரூபாய். கணவனின் வருமானத்தையும் சேர்த்து வீட்டுச் செலவெல்லாம் போக மாதம் 700 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,400 ரூபாய். ஒரு தாய் வெள்ளாடு 8,000 ரூபாய் என்றால், வருடத்துக்கு ஓர் ஆடு வாங்கலாம்.

ஒரு தாய் ஆட்டிலிருந்து ஆண்டுக்கு எத்தனை குட்டி விற்பனைக்கு மிஞ்சும்? வெள்ளாடு இரண்டாண்டில் மூன்று முறை ஈனலாம், இரட்டைக் குட்டியும் போடலாம். ஆனால் மழைக்காலத்துக் கழிச்சலிலும், சளியிலும், நாய் கடித்தும் போவதைக் கழித்துவிட்டால் சராசரியாக ஒன்றேகால் குட்டி என்று வைப்பது நியாயம். செலவு போக ஒரு குட்டிக்கு 5,000 ரூபாய் கையில் நிற்கிறது என்போம். இருபது ஆடு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 25 குட்டி, 1,25,000 ரூபாய். அந்தப் பெண் கூலியில் ஈட்டுவதைப்போல் இரண்டரை மடங்கு. எட்டு ஆடு என்றால் பத்துக் குட்டி, 50,000 ரூபாய். கூலிக்குச் சமம்.

இனிதான் முக்கியமான இடம். ஆடு மேய்க்க ஓர் ஆள் வேண்டும். இருபது ஆட்டுக்கும் ஓர் ஆள், ஐந்து ஆட்டுக்கும் அதே ஓர் ஆள். பயிர் நிற்கும் காலத்தில் கண்ணை எடுக்க முடியாது. ஒரு ஆடு பக்கத்துக் கொல்லையில் வாய் வைத்தால் அன்றைக்கே பஞ்சாயத்து. ஆகவே மேய்ச்சலுக்குப் போனால் கூலி போகும். இரண்டு மூன்று ஆடு என்றால் பிரச்சினை இல்லை. வேலை முடிந்து வரும்போது ஒரு கட்டு வேப்பந்தழை, முருங்கைத்தழை ஒடித்துக்கொண்டு வந்து, வீட்டுப் பின்புறம் கட்டிப்போட்டே வளர்த்துவிடலாம். நான்கு, ஐந்து, ஆறு என்று ஆனால் கட்டிப்போட்டுத் தழை போட்டுக் கட்டுப்படியாகாது. மேய்ச்சலுக்கு விட வேண்டும். ஆனால் ஆறு ஆட்டின் வருமானம் 37,500 ரூபாய்தான். 50,400 ரூபாய்க் கூலியை விட்டுவிட்டு அதற்குப் போனால் ஆண்டுக்கு ஏறக்குறைய 13,000 ரூபாய் நட்டம்.

மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில் கிடக்கும் இந்தப் பள்ளம்தான் பொறி. மூன்று ஆடு வரை சேமிப்பு, எட்டுக்கு மேல் தொழில். நடுவில் இருப்பது இரண்டும் இல்லை.

குட்டிகளை விற்காமல் பெருக்கினால் ஆகாதா என்று உங்கள் அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. மூன்று தாய் ஆட்டின் பெட்டைக்குட்டிகளை எல்லாம் விற்காமல் வைத்துக்கொண்டால், ஒன்றும் சாகாவிட்டால், மூன்றாண்டு வாக்கில் எட்டைத் தொடலாம். காகிதத்தில் சரியாகவே வருகிறது. ஆனால் அந்த இடைக்காலத்தில் விற்பதற்கு இருப்பவை கிடாக்குட்டிகள் மட்டும். நான்கு தாய் ஆடு இருக்கும் ஆண்டில் ஐந்து குட்டி, அதில் பாதி கிடா, வருமானம் 12,500 ரூபாய். ஒருவர் மேய்ச்சலுக்குப் போவதால் இழக்கும் கூலி 50,400. வித்தியாசம் 38,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆண்டு முழுவதும் 8,400 ரூபாய் மட்டுமே மிஞ்சும் வீட்டில் இந்த 38,000 எங்கிருந்து வரும்? வயிற்றைக் கட்டி ஈடுகட்டும் அளவு இல்லை இது. எனவே அந்தப் பெண் நான்காவது ஆட்டை விற்றுவிட்டுக் கூலிக்கே போகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது முன்யோசனை இல்லாத செயலாகத் தெரியும். அவருடைய நிலையில் அதுதான் சரியான கணக்கு.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு, ஆட்டை வாரத்துக்கு விடுவது. வசதியுள்ளவர் ஆட்டைக் கொடுப்பார், வளர்ப்பவர் ஈனும் குட்டிகளில் பாதியை எடுத்துக்கொள்வார். முதல் இல்லாதவருக்கு இது கை கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாதிக் குட்டி போய்விடுவதால் எட்டு ஆட்டு எல்லை பதினாறாகிவிடுகிறது. அத்தனை ஆட்டை ஒரே ஆளிடம் நம்பி விடுபவர் அரிது. இரண்டு, மூன்று கொடுப்பார்கள். அது மீண்டும் வீட்டுப் பின்புறத்து ஆடுதான்.

இது வெறும் கணக்கு இல்லை என்பதற்கு இதுவரை கிடைத்த வலுவான சான்று வங்கதேசத்திலிருந்து வருகிறது. அங்கே பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002 முதல் மிக ஏழையான பெண்களுக்குக் கடனாக அல்லாமல் இலவசமாகவே பசு போன்ற ஒரு சொத்தைக் கொடுத்து, பயிற்சியும் அளித்து வந்தது. 2007-ல் தொடங்கி பதினோரு ஆண்டுகள் அந்தக் குடும்பங்களைப் பின்தொடர்ந்த தரவுகளை வைத்து கிளேர் பால்போனி, ஓரியானா பாண்டியேரா, ராபின் பர்ஜஸ், மைத்ரீஷ் கட்டக், அன்டன் ஹைல் ஆகியோர் எழுதிய ஆய்வு 2022-ல் வெளிவந்தது. எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது ஏறக்குறைய ஒரே மதிப்புள்ள சொத்து. ஆனால் சிலரிடம் முன்பே ஏதோ கொஞ்சம் இருந்தது. சிலரிடம் அதுவும் இல்லை. இந்தச் சிறு வேற்றுமை பலரை ஓர் எல்லைக்கு மேலே கொண்டுபோனது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை எல்லைக்குக் கீழேயே நிறுத்தியது.

உதவி கொடுத்து நான்காண்டு கழித்துப் பார்த்தபோது, எல்லையைத் தாண்டியவர்களின் சொத்து மேலும் வளர்ந்திருந்தது. தாண்டாதவர்களின் சொத்து கரைந்து பழைய நிலையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. பசு ஒன்றுதான், பயிற்சியும் ஒன்றுதான். தொடங்கிய இடம் மட்டும் சற்றே முன்னும் பின்னும். திறமைதான் காரணம் என்றால் இப்படி ஒரு குறிப்பிட்ட எல்லையில் வந்து பாதை இரண்டாகப் பிரியாது. பசுவோடு சேர வேண்டிய மற்றவை, அதாவது கொட்டகை, வண்டி போன்றவை, கையில் இருந்தனவா என்பது அங்கே பெரிதும் பேசியது. அந்தக் கிராமங்களில் சொத்தில்லாதவர்கள் ஒரு கூட்டம், ஓரளவு சொத்துள்ளவர்கள் இன்னொரு கூட்டம் என்று இருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் மிகக் குறைவு. நம் கணக்கில் ஐந்து ஆட்டுக்காரர் நிலைக்க முடியாததைப் போல.

உழைப்பு குறையுமா என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. மாடு கிடைத்த பெண்கள் அதற்கு முன்பைவிட அதிக நேரம் வேலை செய்தார்கள். காரணம் எளிது. கூலி வேலை எல்லா நாளும் கிடைப்பதில்லை. விதைப்பு முடிந்து அறுப்பு வரும் வரை எத்தனை நாள் அவர்கள் வேலை தேடிச் சும்மா திரும்பி வருகிறார்கள் என்பதை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். மாட்டுக்கு அந்த விடுமுறை கிடையாது.

சரி, இலவசமாக ஏன் கொடுக்க வேண்டும், கடன் கொடுக்கலாமே? இன்று நம் மாவட்டத்தில் மகளிர் குழுக் கடன் வராத தெரு இல்லை. அந்தக் குடும்பம் ஐந்து ஆடு வாங்க 40,000 ரூபாய் கடன் வாங்குகிறது என்று வைப்போம். ஆண்டு வட்டி 24 சதவீதம், இரண்டாண்டில் கட்ட வேண்டும். மாதத் தவணை ஏறக்குறைய 2,100 ரூபாய். தவணை உடனே தொடங்கிவிடும். ஆனால் ஆட்டின் சினைக்காலமே ஐந்து மாதம். பிறந்த குட்டி சந்தைக்கு ஏற ஆறேழு மாதம் பிடிக்கும். ஆக, முதல் குட்டிப் பணம் கைக்கு வர ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டும் மாதம் 700 ரூபாய் மிஞ்சும் வீட்டிலிருந்து மாதம் 2,100 ரூபாய் போக வேண்டும். நான்காம் மாதத்தில் ஓர் ஆடு விற்கப்படும். ஏழாம் மாதத்தில் இன்னொன்று. ஆடு பலன் தரும் முன்பே ஆட்டைத் தின்றுவிடும் கடன் இது. இது தெரிந்துதான் பலர் குழுக் கடனை ஆட்டில் போடாமல் பழைய கடனை அடைக்கவோ, கல்யாணத்துக்கோ செலவழிக்கிறார்கள்.

தவணை தொடங்கும் நாளைத் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று கொல்கத்தாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எரிகா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் மற்ற இருவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு அது. சிலருக்கு வழக்கம்போல் இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது, சிலருக்கு இரண்டு மாதம் கழித்து. இரண்டு மாத அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள், மூன்றாண்டு கழித்து அவர்களின் லாபமும் கூடுதலாக இருந்தது. கூடவே, கட்ட முடியாமல் போனவர்களும் அவர்களிடையே அதிகம். கடன் கொடுப்பவர்கள் ஏன் இறுக்கமான தவணையை விடமாட்டேன் என்கிறார்கள் என்பது இதில் புரியும். அவர்கள் கொடியவர்கள் என்பதால் மட்டும் அல்ல, நட்டத்தைத் தாங்கும் பொறுப்பை யாராவது ஏற்க வேண்டும். மிக ஏழைகளின் விஷயத்தில் அந்தப் பொறுப்பை அரசோ தொண்டு நிறுவனமோதான் ஏற்க முடியும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்தக் கதையை அவ்வளவு எளிதாக விட்டுவிடாது. சென்னையிலும் பிலிப்பைன்சிலும் கந்துவட்டியில் சிக்கியிருந்த சந்தை வியாபாரிகளின் கடனை ஆய்வாளர்களே முழுக்க அடைத்துவிட்டார்கள். தினம் வட்டிக்குப் போன பணம் இனி முதலாகச் சேரும், கடன் என்றைக்குமாக ஒழியும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலானோர் ஆறு வாரத்துக்குள் மீண்டும் கடன் வாங்கிவிட்டார்கள். ஒன்றிரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசமே இல்லை. கடன் இல்லாமல் ஆனார்கள், ஆனால் கையில் ஒரு காப்பும் இல்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு சாவு, ஒரு சடங்கு என்று ஏதாவது வந்தால் திரும்பவும் தண்டல்காரரிடம்தான் போக வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பழைய குழியிலிருந்து தூக்கிவிடுவது மட்டும் போதாது, அடுத்த இடி விழும்போது தாங்க ஏதாவது வேண்டும்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இடி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒட்டு முந்திரி புதிதாக வைத்தாலும் காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும், பலாவுக்கு அதைவிட அதிகம். அந்த ஆண்டுகளைக் கடக்க வேறு வருமானம் உள்ளவருக்கு அது பெரிய நட்டம், ஆனால் மீளக்கூடிய நட்டம். அந்த மரங்களையே நம்பி, மறுபடி வைத்துவிட்டுக் காத்திருக்க வழி இல்லாதவருக்கு அது வேறு வாழ்க்கை. புயல் இருவர் மேலும் ஒரே வேகத்தில்தான் அடித்தது. எல்லைக்கு மேலே இருந்தவரை எல்லைக்குக் கீழே தள்ளிவிட்டதா என்பதில்தான் வேறுபாடு.

இதில் மனதின் பங்கையும் விட்டுவிட முடியாது. அதற்கான புகழ்பெற்ற சோதனை நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோது ஒரு முறையும், அறுவடைக்குப் பின் பணம் வந்தபோது ஒரு முறையும் கவனத்தையும் சிந்தனையையும் அளக்கும் பயிற்சிகளைக் கொடுத்தார்கள். ஆனந்தி மணியும், செந்தில் முல்லைநாதனும் மற்றவர்களும் 2013-ல் வெளியிட்டார்கள். அதே மனிதர்கள், பணத்தட்டுப்பாட்டு நாட்களில் மோசமாகச் செய்தார்கள். வட்டி, தவணை, கடைப் பாக்கி என்று மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்போது மற்றதற்கு இடம் குறைகிறது. ஏழைகளுக்குத் திட்டமிடத் தெரியாது என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அப்படியானால் எந்த உதவி வேலை செய்கிறது? மேலே போட்ட கணக்கே சொல்லிவிடும். முதலாவது, எல்லையைத் தாண்டும் அளவுக்குச் சொத்து, ஒரே தடவையில். இரண்டாவது, அந்தச் சொத்து பலன் தரும் வரையில் வீட்டு அடுப்பு எரிய வாராவாரம் ஒரு சிறு தொகை. மூன்றாவது, ஆடு மாடு வளர்ப்பைச் சொல்லித்தந்து, தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டு, தொடர்ந்து வந்து போகும் ஓர் ஆள். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாதில் இந்த மூன்றும் சேர்ந்த திட்டம் ஒன்றரை ஆண்டு நடந்தது. பத்தாண்டு கழித்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, கரிமா சர்மா ஆகியோர் பார்த்தபோது, உதவி பெற்ற குடும்பங்கள் வருமானத்திலும் சாப்பாட்டிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னே இருந்தன. திட்டம் முடிந்து அத்தனை ஆண்டு கழித்தும் பலன் நிற்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அதே சமயம் இது எங்கும் பலிக்கும் மருந்து இல்லை. ஆறு நாடுகளில் இதே மாதிரித் திட்டத்தைச் சோதித்தபோது ஹோண்டுராஸில் பலன் தங்கவில்லை. அங்கே கொடுக்கப்பட்ட கோழிகள் நோயில் செத்துப்போயின. நம்மிடம் ஆட்டுக்கொல்லி நோய் ஒரு பட்டியையே காலி செய்யும் என்பதால் தடுப்பூசியையும் கால்நடை மருத்துவரையும் ஏற்பாடு செய்யாமல் ஆட்டைக் கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதே.

நமக்கு இன்னும் நெருக்கமான தோல்வி ஒன்று உண்டு. அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் இதே திட்டம் நடந்தபோது நிகரப் பலன் எதுவும் தென்படவில்லை. அப்போது அந்தப் பகுதியில் கூலி உயர்ந்துகொண்டிருந்தது. உதவி பெறாதவர்கள் கூலியில் ஏறினார்கள், உதவி பெற்றவர்கள் அந்தக் கூலியை விட்டுக் கால்நடையில் ஏறினார்கள். முடிவில் இருவரும் ஒரே உயரம். பலர் கால்நடையை விற்றும் விட்டார்கள். நம் கணக்கில் கூலியை 450 ரூபாயாக மாற்றிப் பாருங்கள். அந்தப் பெண்ணின் ஆண்டுக் கூலி 75,600 ரூபாய் ஆகிறது, எட்டு ஆட்டு எல்லை பன்னிரண்டு ஆடாக உயர்கிறது. கூலி நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஆட்டைத் திணிப்பது உதவி ஆகாது. அங்கே பொறி வேறெங்காவது இருக்கும். பையனை ஐடிஐ படிக்கவைக்க இரண்டாண்டு அவன் கூலியை இழக்க முடியாமல் இருப்பது, திருப்பூருக்கோ புதுச்சேரித் தொழிற்பேட்டைக்கோ போய் முதல் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் வழி இல்லாமல் இருப்பது, இப்படி. அமைப்பு ஒன்றே, சொத்து வேறு.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுத்தார்கள். நல்ல நோக்கம், பல வீடுகளுக்கு அது அவசரத்துக்கு உதவும் சேமிப்பாகவும் ஆனது. ஆனால் நான் போட்ட கணக்கின்படி நான்கு ஆடு பள்ளத்தின் நடுவில் கொண்டுபோய் விடுகிறது. ஏற்கெனவே கையில் கொஞ்சம் முதல் இருந்தவரை அது எல்லையைத் தாண்டவைக்கலாம், ஒன்றுமில்லாதவரை வைக்காது. வங்கதேசத்தில் கண்டதும் இதுவே. அதே எண்ணிக்கை ஆடுகளைப் பாதிக் குடும்பங்களுக்கு எட்டெட்டாகக் கொடுத்திருந்தால் நீடித்த பலன் கூடுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அரசியலில் அது கடினம் என்பது எனக்குத் தெரியும். பாதிப் பேருக்கு இல்லை என்று எந்த அரசு சொல்லும்?

மகளிர் உரிமைத் தொகையாக 2023 செப்டம்பர் முதல் வரும் மாதம் 1,000 ரூபாயை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது யாரையும் எல்லையைத் தாண்டித் தூக்காது, தூக்குவதற்காக வந்ததும் அல்ல. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகத்துக்காக ஆட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதைத் தடுக்க அது போதுமானதாக இருக்கலாம். அந்த நேரத்தில் எல்லோருக்கும் பணம் தேவை, எல்லோரும் விற்க வருவார்கள், தரகர் சொன்னதுதான் விலை. அதே ஆட்டைத் தீபாவளி வரை வைத்திருக்க முடிந்தவர் வேறு விலைக்கு விற்பார். மாதத் தொகை சொத்தைக் காக்கிறது, மொத்தத் தொகை சொத்தை உண்டாக்குகிறது. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

உங்கள் தெருவில் இருப்பது பொறியா, மெதுவான ஏற்றமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். இலவச ஆடோ, கடனில் வாங்கிய ஆடோ, ஒரு காலத்தில் கையில் ஆடு வந்து சேர்ந்த வீடுகளுக்குப் போய், மூன்றாம் ஆண்டில் என்ன விற்றார்கள் என்று கேளுங்கள். முதல் ஆண்டைக் கேட்காதீர்கள், அப்போது எல்லார் வீட்டிலும் ஆடு இருந்திருக்கும். கிடாக்குட்டியை விற்றோம் என்றால் அந்த வீடு வருமானத்தை விற்றிருக்கிறது, ஏறிக்கொண்டிருக்கிறது. தாய் ஆட்டை விற்றோம் என்றால் முதலையே விற்றிருக்கிறது. ஏன் விற்றீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள். மருத்துவச் செலவு, தவணை, மேய்க்க ஆளில்லை என்ற மூன்றில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது என்றால் அந்தத் தெருவுக்குத் தேவை மருத்துவக் காப்பு, இரண்டாவது என்றால் அவகாசம் உள்ள கடன். மூன்றாவது என்றால் நான்கு ஆடு கொடுத்த இடத்தில் எட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது ஐந்தாறு வீட்டு ஆடுகளைச் சேர்த்து ஒரே ஆள் மேய்த்து, ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். கடைசியில் சொன்னதற்கு அரசுப் பணம்கூடத் தேவையில்லை. உங்கள் அப்பாவைப் போல் ஊரில் சொல் எடுபடும் ஒருவர் முன்னின்றால் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.